பட்டா, பத்தா?

சிறிய ஊர் ஒன்றின் சமுதாயக் கூடம். முதியோரின் நினைவாற்றல் குறித்த ஆய்வுக்காக நான்கு மேசைகள் போட்டிருக்கிறார்கள். மேலே இரண்டு ஃபேன்கள் தடதடவென ஓடுகின்றன. மூன்றாவது மேசையில் எழுபத்திரண்டு வயது மரகதம் பாட்டி. எதிரே கையில் படிவத்தோடு களப்பணியாளர். பாட்டியும் கூடமும் இந்தக் கட்டுரைக்காகப் புனைந்தவை. ஆனால் அங்கே நடப்பது போன்றது எந்த ஊரில் நடந்தாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

“பாட்டி, நான் அஞ்சு வார்த்தை சொல்லுவேன். அப்படியே திருப்பிச் சொல்லுங்க. முதுகு, பட்டு, சந்தை, தாழம்பூ, நீலம்.”

“முதுகு… பத்து… தந்தை…” பாட்டி நிறுத்திவிட்டு முன்னால் சாய்கிறார். “என்னம்மா கடைசியில சொன்னே?”

ஐந்து நிமிடம் கழித்து அதே சொற்களை மறுபடி கேட்கும்போது பாட்டிக்குக் கிடைக்கும் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. படிவத்தின் அடியில் மொத்தம் 17. இந்தத் தேர்வில் முப்பதுக்கு 26-க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது பொது விதி. ஆக, பாட்டியின் பெயருக்கு எதிரே ஒரு குறி விழுகிறது.

அந்தக் குறி பாட்டியின் மூளையைப் பற்றியதா, காதைப் பற்றியதா? ஊனத்தோடு வருபவர்களை ஓர் ஆய்வில் சேர்த்துக்கொள்ள விரும்பும் எவரும் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. சாய்தளம் கட்டுவதும் சைகை மொழிபெயர்ப்பாளரை அழைப்பதும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். அளக்கும் கருவியே வேறெதையோ அளந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

பாட்டிக்குக் கொடுக்கப்பட்ட தேர்வு ‘மோகா’ வகையைச் சேர்ந்தது. கனடாவின் மான்ட்ரியலில் நரம்பியல் மருத்துவர் சியாட் நஸ்ரெதீனும் அவருடைய குழுவினரும் உருவாக்கி 2005-இல் வெளியிட்ட இந்தப் பத்து நிமிடத் தேர்வு இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. (மேலே உள்ள ஐந்து சொற்கள் இந்தக் கட்டுரைக்காகச் சேர்த்தவை. உண்மையான சொற்களை அச்சில் போடுவது தேர்வுக்கு முன்பே வினாத்தாளை வெளியிடுவது போல.) இதில் வரும் பணிகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே சிக்கல் தெரிந்துவிடும். கடிகாரம் வரைவது, கனசதுரத்தைப் பார்த்து வரைவது, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பது, விலங்குப் படங்களுக்குப் பெயர் சொல்வது ஆகியவை கண்ணை நம்பியவை. இவற்றுக்கு எட்டு மதிப்பெண். சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, எண் வரிசையைத் திருப்பிச் சொல்வது, குறிப்பிட்ட எழுத்து காதில் விழும்போதெல்லாம் மேசையைத் தட்டுவது, நீண்ட வாக்கியத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பது ஆகியவை காதை நம்பியவை. மறதியை அளக்கும் தராசின் இரண்டு தட்டுகளும் கண்ணிலும் காதிலும் தொங்குகின்றன.

அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தம் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்புரை பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனை பேரை ஆய்வாளர்கள் இதுவரை எப்படிக் கையாண்டார்கள்? பெரும்பாலும் ஒரே வரியில். ‘கடுமையான கேட்புக் குறைபாடோ பார்வைக் குறைபாடோ உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை’ என்ற அந்த வரியை மூளை ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி காணலாம். வேலை சுலபமாகிறது, எண்கள் சுத்தமாக வருகின்றன. ஆனால் மறதி நோயைத் தடுப்பது பற்றி லான்செட் ஆணையம் வெளியிட்ட அறிக்கைகளில் கேட்புக் குறைபாடு மாற்றத்தக்க ஆபத்துக் காரணிகளில் முக்கியமான ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. 2024 அறிக்கையில் சிகிச்சை பெறாத பார்வைக் குறைபாடும் சேர்க்கப்பட்டது. அதாவது நோய் வர வாய்ப்பு அதிகம் உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, நோய் யாருக்கு வருகிறது என்று உள்ளே உட்கார்ந்து எண்ணுகிறோம்.

காது கேட்காததால் மட்டுமே மதிப்பெண் குறையுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது. நல்ல காதும் நல்ல மூளையும் உள்ள இளைஞர்களை அழைத்து வந்தார்கள். மோகாவுக்கு அண்ணன் முறையான, 1975-இல் வந்த இன்னொரு சிறு மனநிலைத் தேர்வின் கேள்விகளைப் பதிவு செய்து, வயதானவர்களின் காதில் எப்படி விழுமோ அப்படி ஒலியை மங்கடித்துப் போட்டுக் காட்டினார்கள். ஒலி மங்க மங்க மதிப்பெண்ணும் இறங்கியது. மறதி நோய் வந்திருக்கவே முடியாத வயதுக்காரர்கள் தாளில் மட்டும் நோயாளிகளின் பக்கம் நகர்ந்தார்கள்.

இதைவிட நுட்பமான பரிசோதனை ஒன்று 2005-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. முதியவர்களுக்குச் சொற்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், திடீரென நிறுத்தி, கடைசி மூன்று சொற்களைக் கேட்டார்கள். காது மந்தமானவர்களும் நல்ல காதுள்ளவர்களும் கடைசிச் சொல்லைச் சரியாகவே சொன்னார்கள். சத்தம் போதுமான அளவு கேட்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அதற்கு முந்தைய இரண்டு சொற்களில்தான் காது மந்தமானவர்கள் பின்தங்கினார்கள். மங்கலான ஒலியைச் சொல்லாக அடையாளம் காண மூளை கூடுதலாக உழைக்கிறது. அந்த உழைப்புக்குப் போன சக்தி, சொல்லைப் பத்திரப்படுத்தக் கிடைப்பதில்லை. ‘கேக்குதா பாட்டி?’ ‘கேக்குதும்மா’ என்ற பரிமாற்றம் எவ்வளவு போதாதது என்பது இதிலிருந்து விளங்கும். கேட்கத்தான் செய்கிறது. விலை கொடுத்துக் கேட்கிறது.

மரகதம் பாட்டியின் படிவத்துக்குத் திரும்புவோம். மோகாவில் ஐந்து சொற்களை இருமுறை படித்துக் காட்டி, இருமுறையும் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். இந்தச் சுற்றுக்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே அவசரக்காரப் பணியாளர்கள் அந்தக் கட்டங்களைக் கடமைக்கு நிரப்பிவிட்டுத் தாண்டிவிடுவார்கள். துப்பு கிடைப்பது அங்கேதான். மறதி உள்ளவர் முதலில் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் தொலைத்துவிடுவார். காது மந்தமானவரோ முதல் சுற்றிலேயே பட்டைப் பத்து என்பார், சந்தையைத் தந்தை என்பார். வயதாகும்போது முதலில் தேய்வது உச்ச ஒலிகளைப் பிடிக்கும் திறன். ‘ச’வையும் ‘த’வையும், ‘ட்டு’வையும் ‘த்து’வையும் பிரித்துக் காட்டும் மெல்லிய வெடிப்பும் உரசலும் அந்த ஒலிகளில்தான் இருக்கின்றன. உயிரெழுத்து நின்றுவிடுகிறது, மெய்யெழுத்து நழுவிவிடுகிறது. ‘குரல் கேக்குது, வார்த்தை புரியல’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

துப்புக் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. நினைவுக்கு வராத சொல்லுக்கு ‘அது ஒரு துணி வகை’ என்று எடுத்துக் கொடுப்பார்கள். சேமிப்பில் இருந்து எடுக்கத்தான் முடியவில்லை என்றால் உடனே வந்துவிடும். எடுத்துக் கொடுத்தும் வராவிட்டால் சொல் சேமிப்பிலேயே இல்லை, நோய்க்கான அறிகுறி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ‘பத்து’ என்று காதில் வாங்கியவருக்குத் துணி என்று துப்புக் கொடுத்து என்ன பயன்? இந்த இடத்தில் மறதியும் செவிக்குறையும் ஒரே முகமூடியைப் போட்டுக்கொள்கின்றன. முதல் சுற்றின் பிழைகளை உள்ளது உள்ளபடி எழுதி வைத்திருந்தால் மட்டுமே பிரித்தறிய முடியும்.

சரி, எதை மாற்றுவது?

முதலில் ஃபேன். இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணமாகப் பேசும் குரல் ஏறத்தாழ 60 டெசிபெல். பழைய ஃபேனும் பக்கத்து மேசைப் பேச்சும் சேர்ந்தால் அதைத் தொட்டுவிடும். நல்ல காதுள்ளவர்கள் இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். வயதான காதுக்கு அந்தச் சலுகை இல்லை. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் திறந்த வெளியில் 6 டெசிபெல் கூடும், அறைக்குள் அதைவிடச் சற்றுக் குறைவாக. ஆகவே அகல மேசைக்குக் குறுக்கே உட்காராமல் மூலையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதே செலவில்லாத காது கருவி. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள கூடத்தில் ஒலி எதிரொலித்துச் சொற்களைக் குழப்பும். மெத்தை, திரைச்சீலை, துணிமணி நிறைந்த சாதாரண வீட்டு அறை பல நேரங்களில் அரங்கத்தைவிட நல்ல ஆய்வுக்கூடம். பாட்டியின் வீட்டுக்கே போவது அவருக்கு ஆட்டோ செலவை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இல்லை.

அடுத்தது ஜன்னல். பணியாளர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அவர் முகம் நிழலாகிவிடும். காது மந்தமானவர்கள் தாம் செய்வதே தெரியாமல் உதட்டைப் படிக்கிறார்கள். நிழல் முகத்தில் அது முடியாது. முகக்கவசம் அணிந்திருந்தாலும் அதே கதிதான். கண்புரை உள்ளவருக்கோ எதிரே உள்ள ஜன்னலின் வெளிச்சமே கண்ணைக் கூசும். பளபளக்கும் லேமினேஷன் போட்ட அட்டைகளும் அப்படியே. அட்டை அழுக்காகக்கூடாது என்று லேமினேட் செய்தவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். பாட்டிக்கு அதில் டியூப் லைட்தான் தெரியும்.

அப்புறம் கத்துவது. காது கேட்காது என்று தெரிந்ததும் நாம் எல்லோரும் செய்வது அதுதான். கத்தும்போது உயிரெழுத்துகள் வீங்குகின்றன, உதடுகள் கோணுகின்றன. பாட்டிக்கு நழுவிய மெய்யெழுத்துகள் இன்னும் நழுவுகின்றன. சற்று நிதானமாக, சொற்களைக் கடித்துக் குதறாமல் பேசுவதே மேல். இன்னும் நல்லது, கையடக்க ஒலிபெருக்கி. பணியாளர் சட்டையில் சிறிய மைக், பாட்டியின் தலையில் ஹெட்போன், நடுவே கைக்குள் அடங்கும் பெட்டி, ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. வெளிநாட்டு முதியோர் மருத்துவமனைகளில் பேனாவும் ஸ்டெதஸ்கோப்பும் போல இது மேசையில் கிடக்கிறது. சொந்தமாகக் காது கருவி வைத்திருப்பவரிடம் பேட்டரி வேலை செய்கிறதா என்று தேர்வுக்கு முன் பார்க்க வேண்டும்; காது கருவி பீரோவில் இருக்கிறதென்றால் இன்னொரு நாள் வரலாம். படிக்கும் கண்ணாடிக்கும் இதுவே சட்டம். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது பெரிய அறிவியல் இல்லை. ஆனாலும் ஆய்வுத் திட்டத்தில் எழுதி வைக்காவிட்டால் யாரும் பார்ப்பதில்லை.

இவ்வளவும் சூழலை மாற்றுவது. தேர்வையே மாற்றும்போது கணக்கு கடினமாகிறது.

பார்வை இழந்தவர்களுக்காக மோகாவின் ஒரு வடிவம் இருக்கிறது. கண்ணை நம்பிய பணிகளை எடுத்துவிட்டார்கள். முப்பதில் எட்டுப் போக 22 மதிப்பெண். அதில் 18 அல்லது அதற்கு மேல் எடுத்தால் இயல்பு. இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முப்பதுக்கு 26 என்ற விகிதத்தை அப்படியே 22-க்குச் சுருக்கினால் 19-ஐத் தாண்டி வரும். ஆனால் எல்லைக்கோடு 18-இல் இருக்கிறது. ஏனென்றால் எடுத்துவிட்ட எட்டும் மீதமுள்ள இருபத்திரண்டும் ஒரே அளவு கடினமானவை இல்லை. ஆகவே பார்வையற்றவரின் மதிப்பெண்ணை 30-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்துப் பொதுப்பட்டியலில் சேர்த்துவிடும் குறுக்குவழி தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். குழுவாக ஆய்வு செய்பவர்கள் தனி நெடுவரிசை போட்டு, தனி எல்லைக்கோட்டோடு வைப்பதுதான் நேர்மை.

இதற்கு இன்னொரு விலையும் உண்டு. கடிகாரம் வரைவது கை ஓவியத் தேர்வு இல்லை. இடத்தைக் கணித்து, திட்டமிட்டு, வரிசைப்படுத்தும் திறனை அது சோதிக்கிறது. சில வகை மறதி நோய்களில் நினைவுக்கு முன்பே ஆட்டம் காண்பது இந்தத் திறன். அதைச் சோதிக்கும் பணிகளை எடுத்துவிட்ட தேர்வு முற்றிய நோயைப் பிடித்துவிடும். தொடக்க நிலையில் நழுவ விட வாய்ப்பு அதிகம். பார்வையற்றவரை ஆய்வில் சேர்த்துக்கொண்டோம் என்று திருப்திப்படும் நேரத்தில், அவருக்குக் கிடைத்த ‘இயல்பு’ என்ற முத்திரை மற்றவருக்குக் கிடைத்த அதே முத்திரையைவிட மெல்லியது என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

காது மந்தமானவர்களுக்கான வடிவம் 2023-இல் பிரிட்டன் ஆய்வாளர்களின் முயற்சியில் சரிபார்த்து வெளியிடப்பட்டது. பணியாளர் வாயால் சொல்வதை எழுத்தாகக் காட்டுகிறார்கள். காதால் மட்டுமே செய்யக்கூடிய பணிகளுக்குப் பதில் வேறு பணிகள் வைத்தார்கள். மோகாவைப் போல 26 என்ற எல்லையை இதற்குக் கடன் வாங்கவில்லை. காது மந்தமானவர்களையே வைத்துச் சோதித்து, 24 என்று புதிதாக வகுத்தார்கள். நல்ல வேலை. ஆனால் மரகதம் பாட்டி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். திரையில் ஓடும் அறிவுரையைப் படித்து முடிப்பதற்குள் அவருக்கு நாக்கு வறண்டுவிடும். அவருடைய அக்கா பள்ளிக்கூடமே போகாதவர். அவருக்கு இந்த வடிவத்தால் எள்ளளவும் பயனில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான மாற்றங்கள் இந்தியாவிலேயே நடந்திருக்கின்றன. 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த ஆய்வுக்காக அந்த 1975 தேர்வை ஹிந்தியில் மாற்றி அமைத்தார்கள். மூலத்தில் ‘கண்ணை மூடுங்கள்’ என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். படித்தவர் மூட வேண்டும். பல்லப்கரில் அட்டையைத் தூக்கிவிட்டு, ‘என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதைச் செய்யுங்கள்’ என்று சொல்லிப் பணியாளரே கண்ணை மூடிக் காட்டினார். படிப்பறிவு என்ற தடை போயிற்று. ஆனால் பார்வை மங்கியவருக்கு அதே இடத்தில் புதிய தடை முளைத்துவிட்டது. எந்த மாற்றமும் ஒரு புலனின் சுமையை இறக்கி இன்னொரு புலனின் தோளில் வைக்கிறது. காதும் கண்ணும் சேர்ந்து மங்கிய, பள்ளிக்குப் போகாத பெரியவருக்குத் தயார் நிலையில் எந்தத் தாளும் பொருந்தாது. அவரிடம் தேர்வைச் சுருக்கிவிட்டு, கூட இருப்பவரிடம் விசாரிக்க வேண்டியிருக்கும். ஒரு வருஷத்துக்கு முன்னால் மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாரா, இப்போது? தெரிந்த தெருவில் வழி தடுமாறுகிறாரா? இத்தகைய கேள்விகளுக்கான பதில் காதையும் கண்ணையும் அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. மருமகளின் பொறுமையைச் சார்ந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

பிறவியிலேயே காது கேளாமல் சைகை மொழியில் வளர்ந்தவர்களின் கதை முற்றிலும் வேறு. அவர்களுக்கு ஒலியைக் கூட்டித் தருவதில் பொருளில்லை, எழுத்தில் தருவதும் அரைகுறைதான். தமிழ் எழுத்து அவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாம் மொழி. ‘மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தால் போச்சு’ என்று தோன்றும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அப்படிச் செய்யாமல், 2015-இல் பிரிட்டிஷ் சைகை மொழிக்கென்றே மறதித் தேர்வு ஒன்றை வெளியிட்டார்கள். காரணம் புரிந்துகொள்ளத்தக்கது. மூக்கு என்ற சொல்லைச் சைகையில் கேட்கும்போது கை மூக்கைத் தொட்டால் கேள்வியே விடையாகிவிடும். வாக்கியத்தைப் பிசகாமல் ஒப்பிக்கச் சொல்லும் பணி வேறு இலக்கணமுள்ள மொழிக்குப் போனதும் உடைந்துவிடும். மொழிபெயர்ப்பாளருக்கு மொழிபெயர்ப்பாளர் கை மாறும், வேகம் மாறும். தேர்வென்றால் எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டுமே.

எண் வரிசையில்தான் மிகப்பெரிய பொறி. பேசும் மொழிக்காரர்கள் ஒருமுறை கேட்டுத் திருப்பிச் சொல்லும் எண்கள் ஏறத்தாழ ஏழு. சைகை மொழிக்காரர்கள் ஏறத்தாழ ஐந்து. அவர்களுடைய நினைவு குறைவானது என்று இதற்குப் பொருளில்லை. ஒலியை வரிசையாகப் பிடித்துவைக்கும் விதமும் கையசைவைப் பிடித்துவைக்கும் விதமும் வேறு வேறு. வேறு வகை நினைவுப் பணிகளில் இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. கேட்பவர்களின் அளவுகோலை அப்படியே வைத்தால் ஆரோக்கியமான காது கேளாதவர்கள் வரிசையாக நோயாளிப் பட்டியலில் விழுவார்கள்.

ஆகவே லண்டன் குழு, கேள்விகள் அனைத்தையும் சைகை மொழியிலேயே காணொளியாகப் பதிவு செய்தது. எது இயல்பான மதிப்பெண் என்று வகுக்க, 50 முதல் 89 வயது வரையிலான 226 ஆரோக்கியமான காது கேளாதவர்களைச் சோதித்தது. இத்தனை பேரைத் தேடி வீடு வீடாக அலையவில்லை. காது கேளாத முதியவர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் விடுமுறைச் சந்திப்புக்கு ஆய்வாளர்கள் பெட்டி படுக்கையோடு போனார்கள். ஆய்வுக்கூடத்துக்குள் சைகை மொழி தெரிந்தவர் ஒருவர் நிற்பதற்கும், எல்லோரும் சைகையிலேயே அரட்டை அடிக்கும் இடத்துக்கு ஆய்வாளர் விருந்தாளியாகப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் கையெழுத்து வாங்க வேண்டும். இந்தியாவில் இது நல்ல பழக்கம் என்ற அளவில் நிற்கவில்லை, சட்டமாகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் ஆறாவது பிரிவு, ஊனமுற்ற எவரையும் அவருக்கு எட்டக்கூடிய வடிவில் தகவல் தந்து பெற்ற ஒப்புதல் இல்லாமல் ஆய்வுக்கு உட்படுத்தக்கூடாது என்கிறது. கூடவே ஊனம் சார்ந்த ஆய்வுகளுக்கான குழு ஒன்றின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிப்பேராவது தாமே ஊனமுற்றவர்களாகவோ இத்துறையில் பதிவு பெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும்.

எட்டக்கூடிய வடிவம் என்று சட்டம் சொல்வது மேசையில் எப்படி உருமாறும்? பார்வையற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு ஒப்புதல் படிவத்தை மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். அவர் கணினியில் திரைவாசிப்பு மென்பொருள் இருக்கிறது. தமிழை உரக்கப் படிக்கும். ஆனால் படிவம் அச்சுத்தாளை ஸ்கேன் செய்த படமாக வந்திருந்தால் மென்பொருளுக்கு அது வெற்றுத்தாள். தட்டச்சு செய்த கோப்பாக வந்தாலும் நிம்மதி இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘அம்மா’ என்ற சொல், கணினியின் உள்ளே mk;kh என்றுதான் கிடக்கிறது. கண்ணால் பார்ப்பவருக்கு அம்மா; மென்பொருளுக்கு எம், கே, எச். யூனிகோடில் அடித்துக் கொடுத்தால் தீர்ந்துவிடும் இந்தப் பிரச்சினை, பார்வையுள்ளவர்கள் கண்ணில் படுவதே இல்லை. பிரெய்லில் தரலாமே என்பார்கள். தரலாம், படிக்கத் தெரிந்தவருக்கு. அறுபதுக்கு மேல் பார்வை போனவர்களில் பிரெய்ல் கற்றவர்கள் அரிது. அவர்களுக்கு ஒலிப்பதிவோ, பொறுமையாகப் படித்துக் காட்டுவதோதான் வழி. கையெழுத்திடத் தெரிந்த ஆசிரியரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்குவது அவமதிப்பு. நடுவில் நீளமாக வெட்டிய அட்டையைக் கையெழுத்து இடத்தில் வைத்தால் விரல் விளிம்பை உணர்ந்துகொள்ளும், அவரே போட்டுவிடுவார்.

காது கேளாதவரிடம் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. அவர் தலையாட்டுவார். புரியாத இடத்தில் தலையாட்டிச் சமாளிப்பது அவர் வாழ்நாள் முழுதும் பழகிய வித்தை. மரகதம் பாட்டியும் அதைத்தான் செய்வார். ஆகவே ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘இந்த ஆய்வு எதுக்குன்னு உங்க பேத்தி கேட்டா என்ன சொல்லுவீங்க பாட்டி?’ என்று கேட்டுப் பதிலை வாங்க வேண்டும். பாட்டி ‘கண்ணாடி குடுக்கறாங்களாம்’ என்று சொன்னால் முதலிலிருந்து விளக்க வேண்டியதுதான். கூட வந்த மகனையோ மகளையோ மொழிபெயர்க்க விடுவதும் சிக்கல். இரண்டு நிமிட விளக்கத்தை ‘சும்மா ஒரு டெஸ்ட்மா, சரின்னு சொல்லு’ என்று சுருக்கிவிடுவார்கள். சைகை மொழிக்காரர்களுக்கு விளக்கத்தைக் காணொளியாகத் தந்து, பதிலையும் காணொளியாக வாங்கலாம். ஆனால் அப்போது பெயரை மறைத்தாலும் முகம் இருக்கிறது. ஓர் ஊரின் காது கேளாதோர் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், மொழிபெயர்ப்பாளர் உட்பட. அந்தக் காணொளியை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதையும் ஒப்புதலுக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். வேண்டுமானால் வெளியூர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அந்தக் களப்பணியாளர் மரகதம் பாட்டியின் வீட்டுக்குப் போகிறார். இடையில் பாட்டி காதைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார். மூக்குக்கண்ணாடி மூக்கின் மேல் இருக்கிறது. டிவி அணைந்திருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் பாட்டி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார், சமையலறையில் குக்கர் விசில். அதே தேர்வின் மாற்று வடிவம், வேறு ஐந்து சொற்கள். பழைய சொற்களையே வைத்தால் முன்பு கேட்ட ஞாபகம் மதிப்பெண்ணை ஏற்றிவிடும், மாற்றம் காதால் வந்ததா பழக்கத்தால் வந்ததா என்று தெரியாமல் போகும்.

முதல் சுற்றில் ஐந்து சொற்களையும் பிழையின்றித் திருப்பிச் சொல்கிறார். ஐந்து நிமிடம் கழித்து மூன்று. எழுத்துக்கு மேசை தட்டும் பணியில் சென்ற முறை பூஜ்யம், இந்த முறை ஒன்று. படங்களுக்கு மூன்றும் சரி. வாக்கியத்தில் ஒன்று. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் படிக்காதவர்களுக்குத் தரும் ஒரு கூடுதல் மதிப்பெண்ணையும் சேர்த்து மொத்தம் 23. சென்ற முறை பதினேழு.

26 வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்தவருக்கு 26 என்ற கோடே உயரமாக இருக்கக்கூடும். அல்லது பாட்டிக்கு உண்மையிலேயே லேசான மறதி தொடங்கியிருக்கவும் கூடும்; காதைச் சரி செய்ததால் அது மறைந்துவிடாது. களப்பணியாளர் பழைய 17-ஐ அடிக்காமல் இரண்டாவது வரி எழுதுகிறார்: ‘ஒலிபெருக்கியுடன், வீட்டில், மாற்று வடிவம், 23. மருத்துவரிடம் அனுப்பவும்.’ அவர் எழுந்திருக்கும்போது பாட்டி ஹெட்போனைக் கழற்றாமல் கேட்கிறார்:

“இது எங்கம்மா கிடைக்கும், என்ன விலை?”